டிவிக்குப் பின்னால் போன ஆயா

"நகுருடா, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா டிவிக்குப் பின்னால் போனாள். போனவள் வெளியே வரவில்லை. புடவைத் தலைப்பு மட்டும் ஸ்டாண்டுக்கு வெளியே தெரிந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மூணு ஓட்டை கீது. எதுலடா சொருவறது?"

நான் அப்போது கட்டில் மேல் நின்றுகொண்டிருந்தேன். காலில் ரப்பர் செருப்பு. மின்சாரம் பாய்ந்தால் மகன் ஒருவனாவது மிஞ்சவேண்டும் என்ற பொதுநலம்தான் காரணம்.

"அம்மா, மொதல்ல மெயினை ஆஃப் பண்ணிட்டு…"

"மெயினை ஆஃப் பண்ணா இருட்டுல ஓட்டை எப்டிடா தெரியும்? செட்டாப் பாக்ஸ் ஒயரு ஒண்ணுல கீது. அதேமாதிரி மூஞ்சி இன்னொண்ணுக்கும் கீது. அதுல சொருவட்டா?"

சொருகிவிட்டுத்தான் கேட்டாள். வெளியே வந்தபோது தலைமுடியில் ஒட்டடை, கையில் செத்த பல்லி ஒன்றின் வால். டிவி ரிமோட்டை எடுத்தாள். சேனல் மாற்றும் பொத்தான்களை விட்டுவிட்டு, நான் இந்த ஜென்மத்தில் தொட்டிராத 'சோர்ஸ்' என்ற பொத்தானை அழுத்தினாள். எச்டிஎம்ஐ ஒன்று, இரண்டு என்று பட்டியல் வந்தது. இரண்டுக்குப் போனாள். திரை கறுப்பானது.

"செத்துப்போச்சு" என்றேன்.

"பொட்டிய இன்னும் ஆன் பண்லடா" என்றாள் அம்மா.

சென்ற வாரம், மொட்டையடித்துக்கொண்டு வந்து சீப்பு கேட்டுச் சண்டை போட்ட யாத்ரீகரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த நண்பர் ஒருவர், "உங்க லாட்ஜுல நீங்க ஒருத்தர்தான் புத்தியுள்ளவர் போல" என்று பாராட்டினார். அவருடைய அந்த அபிப்பிராயத்தைச் சரிசெய்வதற்காகவே இந்த வாரம்.

டல்லாஸிலிருந்து வந்த பெட்டி

நான் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர். அம்மவாரு கோயிலுக்கு வருகிறவர்களுக்கு ரூமும், வெந்நீரும், வெந்நீர் ஏன் வரவில்லை என்பதற்கான காரணங்களும் கொடுப்பது என் வேலை. வீடு நாலு தெரு தள்ளி. வீட்டில் நானும் அம்மாவும்தான். என் கல்யாணக் கதை தனி அத்தியாயம்; வக்கீலைக் கேட்டுவிட்டுத்தான் எழுதவேண்டும்.

தங்கை மஞ்சுளா டல்லாஸில் இருக்கிறாள். சித்தூரில் இன்ஜினியரிங் படித்து, ஹைதராபாதில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, எல்லாரும் போன அலையில் போனவள். எங்கள் பக்கத்தில் அந்த வருஷங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளையை மாமரத்துக் காய் மாதிரி லாரி ஏற்றி அனுப்பினார்கள். மிஞ்சிய அடிபட்ட காய்கள் என்னைப்போல் ஊரில் கிடந்தோம்.

மஞ்சுளாவின் பையன் ரிஷி. அம்மாவுக்கு இருக்கிற ஒரே பேரப்பிள்ளை. நேரில் பார்த்தது இரண்டு தடவை. அமெரிக்கா போய்ப் பார்க்கலாம் என்று அம்மாவுக்கு விசா கேட்டோம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவர் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல அம்மா வாயைத் திறந்தபோது பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுபடி கேட்டோம். மறுபடியும் அப்படியே.

ஆகவே போன்தான். அந்தப் போனிலும் வர வரச் சரக்கு தீர்ந்துவிட்டது.

"ரிஷி கண்ணு, துன்னியா?"

"ம். துன்னேன்."

"இன்னா துன்ன?"

"பாஸ்தா."

"ஸ்கூலு போனியா?"

"ம்."

அவ்வளவுதான். ஆயாவுக்கு இங்கிலீஷ் வராது. பேரனுக்குத் தமிழில் 'ம்' நன்றாக வரும். கொஞ்ச நாளில் 'ம்' கூடக் குறைந்தது. அப்புறம் கேமராவில் அவன் நெற்றி மட்டும் தெரிந்தது. அப்புறம் மஞ்சுளா, "அவன் கேம் ஆடறான்மா, அப்றம் பேசுவான்" என்று சொல்ல ஆரம்பித்தாள். வாரக்கணக்கில் அந்த 'அப்றம்' வரவே இல்லை.

ஒருநாள் அம்மா கேட்டாள்: "அவன் ஆடற எடத்துக்கு நான் போவ முடியாதா?"

மஞ்சுளா சிரித்தாள். ஆனால் பின்னாலிருந்து நெற்றி திரும்பி, முழு முகமாக வந்தது. "ஆயா கேன் ப்ளே?"

அப்படித்தான் அந்த வீடியோ கேம் பெட்டி, ஊருக்கு வந்த ஒரு சினேகிதியின் சூட்கேஸில், உள்பாவாடைகளுக்கு நடுவில் சுற்றி எங்கள் வீட்டுக்கு வந்தது. கூடவே ஒரு கன்ட்ரோலர், ஒரு டிஸ்க். கட்டம் கட்டமான உலகம் ஒன்றில் மண்ணைத் தோண்டி, மரம் வெட்டி, வீடு கட்டி, பயிர் வைக்கிற ஆட்டம். ரிஷி அதில் ஆயாவுக்கு ஒரு வீடு கட்டி வைத்திருப்பதாகச் சொன்னான். வந்து பார்க்கவேண்டியதுதான் பாக்கி.

ஒரு சிக்கல். அவனுக்கு ஆட அனுமதியுள்ள சனிக்கிழமை சாயங்காலம் நமக்கு ஞாயிறு காலை. அது லாட்ஜில் யாத்ரீகர் வெள்ளம் வரும் நேரம். நான் கவுன்டரை விட்டு அசைய முடியாது. அம்மா தனியாகவே பெட்டியைப் போட்டு, தனியாகவே உள்ளே போகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு குக்கரின் மரணம்

என்னைக் கோழை என்று முடிவு கட்டுவதற்கு முன், எங்கள் வீட்டு ரைஸ் குக்கரின் கதையைக் கேட்டுவிடுங்கள்.

மஞ்சுளா முதல் தடவை ஊருக்கு வந்தபோது நைனாவுக்கென்று, அதாவது எங்கள் அப்பாவுக்கென்று, ஒரு எலக்ட்ரிக் குக்கர் கொண்டுவந்தாள். அமெரிக்காவில் வீட்டுக்கு வருகிற கரண்டு நம் கரண்டில் பாதி என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதன் அமெரிக்கத் தட்டைப் 'பின்'னுக்கு ஒரு மாற்று பிளக் வாங்கிப் போட்டு, சுவிட்சைத் தட்டினேன். 'டப்' என்றது. நீலமாகப் புகை வந்தது. தெருவே கூடிவிட்டது. நைனா மட்டும் மூக்கை உறிஞ்சி, "அமெரிக்கா வாசனை" என்றார்.

அதிலிருந்து தட்டைப் பின் வைத்த எதைப் பார்த்தாலும் எனக்குக் கட்டில்மேல் ஏறத் தோன்றும்.

வீடியோ காலில் மஞ்சுளா கத்தினாள். "அண்ணா, பொட்டிய திருப்பிப் பாரு. அடியில எழுதிருக்கும்."

திருப்பினேன். கொசு முட்டை சைஸில் எழுத்து. என் கண்ணாடி லாட்ஜ் கவுன்டரில் இருந்தது. அம்மா வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எண்களை மட்டும் படித்தாள். "நூறு… அப்றம் ஒரு கோடு… எரநூத்தி நாப்பது."

"அப்ப ரெண்டு ஊர் கரண்டும் ஒத்துக்கும்மா. பிளக் மட்டும் மாத்தினா போதும்" என்றாள் மஞ்சுளா.

அம்மா சுவிட்சைப் போட்டாள். புகை வரவில்லை. 'டிங்' என்று ஒரு சத்தம், நீல வெளிச்சம். நான் கட்டிலிலிருந்து ஒரு காலை இறக்கினேன்.

நடக்கிற குச்சி, பார்க்கிற குச்சி

கன்ட்ரோலரை முதலில் ஒயரால் பெட்டியில் இணைத்து, நடுவிலிருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் பெட்டிக்கு அது தன் பிள்ளை என்று தெரியும். அப்புறம் ஒயரைக் கழற்றிவிடலாம். அம்மா அதைச் செய்தாள். எந்த மொழி என்று கேட்டது. தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. "இங்கிலீஷே வெய்யி. அவன் பாஷை அதானே" என்றாள்.

வைஃபை வந்தது. எங்கள் வீட்டு இன்டர்நெட் இரண்டு பெயரில் தெரியும். ஒன்றின் வாலில் ஐந்து என்று இருக்கும். அது வேகம், ஆனால் சுவர் தாண்டாது. மற்றது நிதானம், சுவர் தாண்டும். ரூட்டர் முன்கூடத்தில், டிவி உள் அறையில். நான் வேகமானதைத் தேர்ந்தெடுத்துத் தோற்றேன். அம்மா மற்றதைப் போட்டாள். பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகக் கன்ட்ரோலர் குச்சியைத் தள்ளித் தள்ளி அடித்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, அணைந்தே போயிருந்தது.

உடனே பெட்டி 'அப்டேட்' கேட்டது. ஒரு கோடு நத்தையாக நகர்ந்தது. பாதியில் கரண்டு போனது. "போச்சு, மூளை பாதியில நின்னுபோச்சு" என்று தலையில் கை வைத்தேன். கரண்டு வந்ததும், சரியாக அணைக்கவில்லை என்று என்னைத் திட்டி ஒரு அறிவிப்புக் காட்டி, தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. லாட்ஜ் ஸ்டாஃபில் ஒருவர்கூட இப்படிக் கிடையாது.

டிஸ்க்கைப் போட்டு ஆட்டத்தை ஏற்றியதும் ரெண்டு குச்சிகளின் பிரச்சினை வந்தது. கன்ட்ரோலரில் இடது குச்சி நடப்பதற்கு. வலது குச்சி தலையைத் திருப்பிப் பார்ப்பதற்கு. இரண்டையும் சேர்த்து ஆட்டினால்தான் மனிதன் மாதிரி போக முடியும். அம்மா ஒன்றை ஆட்டும்போது மற்றதை மறந்துவிடுவாள். முதல் நாள் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து ஏரியில் விழுந்தாள். இரண்டாம் நாள் தன் காலையே பார்த்துக்கொண்டு நடந்து அதே ஏரியில் விழுந்தாள்.

"நடக்குற குச்சி, பாக்குற குச்சி, நடக்குற குச்சி, பாக்குற குச்சி" என்று சமையலறையிலும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சரி என்று சொல்ல ஒரு பொத்தான், வேண்டாம் என்று சொல்ல ஒரு பொத்தான். குழம்பாமலிருக்க 'சரி'க்குக் குங்குமம் வைத்தாள்.

குங்குமத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெட்டிக்கு ஒரு பூத்துணியும் போர்த்தினாள். எங்கள் வீட்டில் டிவி, மிக்ஸி, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் போர்வை உண்டு. கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து ஹெலிகாப்டர் சத்தம். 'சூடு அதிகம்' என்று எழுத்து வந்தது, அணைந்தது. நான் பாய்ந்து போய் மெயினை அணைத்துவிட்டுத் தெருவில் நின்றேன். அம்மா துணியை எடுத்து மடித்துவைத்தாள். "காத்து வோணுமாம் அதுக்கு" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. தெருவில் ஏன் நிற்கிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு, "வாக்கிங்கு" என்றேன்.

பிறந்த தேதி

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். எல்லாக் குழப்பமும் அங்கேதான் முளைத்தது.

அக்கவுன்ட் தொடங்கும்போது பெட்டி பிறந்த தேதியைக் கேட்டது. அப்போது என் கவனம் லாட்ஜிலிருந்து வந்த போனில் இருந்தது. மூன்றாவது மாடியில் குரங்கு புகுந்து ஒருவரின் பிரசாத லட்டைத் தூக்கிப் போயிருந்தது.

"டேய், பொறந்த தேதி கேக்குதுடா."

"போடும்மா."

"எனுக்கு எங்கடா தெரியும்? ஆதார்ல ஜனவரி ஒண்ணுன்னு கீது. அது அந்தக் கார்டு போட்டவன் போட்ட தேதி."

"தெரிஞ்ச தேதி ஏதாவது போடு!" என்று கத்திவிட்டுக் குரங்குப் பஞ்சாயத்துக்குத் திரும்பினேன்.

அம்மாவுக்கு நிச்சயமாகத் தெரிந்த தேதி ஒன்றுதான். நைனாவின் அறுபதாம் கல்யாணம், நாராயணவனம் கோயிலில். மறுபடி தாலி கட்டி முடிந்ததும் அர்ச்சகர், "இன்னியிலிருந்து ரெண்டு பேருக்கும் புது ஜென்மம். வயசை மறுபடி ஒண்ணுலிருந்து எண்ணணும்" என்றாராம். அடுத்த ரெண்டு வருஷத்தில் நைனா போய்விட்டார். ஆனால் அம்மா எண்ணுவதை நிறுத்தவில்லை. அந்தத் தேதியை, வருஷத்தோடு சேர்த்து, குங்குமப் பொத்தானை அழுத்திப் பதித்துவிட்டாள்.

உடனே திரையில் ஒரு க்யூஆர் கோடு கட்டம் வந்தது. 'பேரன்ட் ஆர் கார்டியன்' போனில் இதைப் படம்பிடித்து ஒப்புதல் தரவேண்டும் என்றது.

இந்த இடத்தில் உலகின் வேறெந்த ஊர்க்காரனும் நிமிர்ந்து உட்கார்ந்து யோசித்திருப்பான். நாம் அப்படி இல்லை. நம் ஊரில் ஒரு பெண்மணி பேங்குக்குப் போகட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், காஸ் கனெக்ஷனுக்குப் போகட்டும், 'தந்தை அல்லது கணவர் அல்லது கார்டியன்' என்று ஒரு கோடு போட்ட இடம் இருக்கும். நைனா போனபிறகு அந்தக் கோட்டின்மேல் எல்லா இடத்திலும் என் பெயர்தான். மூட்டு எக்ஸ்ரேயில்கூட நான்தான் கார்டியன்.

ஆகவே ஒரு காதில் குரங்கு, மறு கையில் போன் என்று படம் பிடித்து, எனக்கு ஒரு அக்கவுன்ட் தொடங்கி, நான் பெரியவன்தான் என்று நிரூபித்து, 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டினேன். அமெரிக்காவிலும் நம்ம ரூல்தான் போலிருக்கிறது என்று பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்தது பெயர். அம்மாவின் பெயரை எப்படிப் போட்டாலும் 'ஏற்கனவே ஒருவர் எடுத்துவிட்டார்' என்றது. பெட்டியே ஒரு பெயரைச் சிபாரிசு செய்தது. 'சில்வர்டைகர்', வாலில் கொஞ்சம் எண்கள்.

"நல்லாத்தானே கீது" என்றாள் சில்வர்டைகர்.

அந்தப் பெயரிலிருந்து, மஞ்சுளா அனுப்பியிருந்த ரிஷியின் கேம் பெயருக்கு 'ஃபிரண்ட்' ஆகச் சொல்லி ஒரு விண்ணப்பமும் அனுப்பிவைத்தாள். ஆன்லைனில் ஆடுவதற்கு வேண்டிய சந்தாவையும் நான் கட்டினேன். எல்லாம் தயார்.

முதல் ஞாயிறு

அந்த ஞாயிறு அம்மா விடிகிற வேளையில் குளித்து, புதுப் புடவை கட்டி, டிவி முன் உட்கார்ந்தாள். பேசுவதற்காகப் பக்கத்தில் போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். ரிஷி அந்தப்பக்கம். நான் லாட்ஜுக்குக் கிளம்பாமல் வாசலில் செருப்போடு நின்றேன்.

"ஆயா, வேர் ஆர் யூ? ஐ டோன்ட் சீ யூ."

"வந்துக்கினே கீறேன் கண்ணு."

ஆன்லைனுக்குப் போகும் இடத்தை அழுத்தினாள். 'இந்த வசதி உங்களுக்கு இல்லை. பேரன்டல் கன்ட்ரோல்' என்று வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே.

நான் ரூட்டரை அணைத்துப் போட்டேன். டிவியை அணைத்துப் போட்டேன். கேபிள்காரருக்குப் போன் செய்து, "ஏமண்ணா, நெட் ராலேது" என்று, நெட் வரவில்லையென்று, தெலுங்கில் சண்டை போட்டேன். அவர், "சார், நெட்டு லேகுண்டா, நெட்டே இல்லாம, உங்களுக்கு இங்கிலீஷ்ல மெசேஜ் எப்டி வரும்?" என்று நியாயமாகக் கேட்டார். ஃபேனைக்கூட அணைத்துப் போட்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

அந்தப்பக்கம் ரொம்ப நேரம் பொத்தான் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ரிஷி, "இட்ஸ் ஓகே ஆயா. நெக்ஸ்ட் வீக்" என்றான். அவன் அம்மா எங்களுக்குச் சொல்லும் அதே 'அப்றம்'. போன் அணைந்தது.

அம்மா கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் அவளுடைய கட்டம் போட்ட ஆள் யாருமில்லாத புல்வெளியில் வானத்தைப் பார்த்து நின்றது.

"வூட்டக் கட்டிவெச்சிக்கினு கூப்புட்டான். போவ முடிலியே" என்றாள். "விசாக்காரன் மாதிரியே இதுவும் கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னுக்கினு பேசுது."

நேரமாகிவிட்டது என்று லாட்ஜுக்குக் கிளம்பினேன்.

புலி வேட்டை

அறிவுபூர்வமாக யோசித்தேன். 'பேரன்டல் கன்ட்ரோல்' என்றால் பெற்றோர் பிள்ளைக்குப் போடும் பூட்டு. இந்த ஆட்டத்தில் பிள்ளை யார்? ரிஷி. பெற்றோர் யார்? மஞ்சுளா. ஆகவே குற்றவாளி மஞ்சுளா. அன்று சாயங்காலமே, அங்கே விடிந்து அவள் காபி குடிக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்.

"உன் புள்ளைக்குப் போட்ட பூட்டை எடுக்க உனக்கு இன்னா கஷ்டம்? அம்மா அழுவுது."

"டேய் அழுவுலடா" என்றாள் அம்மா பக்கத்திலிருந்து.

"அண்ணா, நான் எல்லாத்தையும் ஓபன் பண்ணிதான் வெச்சிருக்கேன். அவன் ஃபிரண்ட்ஸோட தினம் ஆடறானே! உங்க பக்கம்தான் ஏதோ."

"எங்க பக்கம் எல்லாம் பர்ஃபெக்ட். நானே கிட்ட நின்னு செஞ்சேன்."

"அதான் பயமா இருக்கு."

"எங்களை ஏத்துக்க மனசில்லைன்னு சொல்லு."

"யாரை? உங்ககிட்டேயிருந்து ரிக்வெஸ்டே வரலியே! தெரியாதவன் எவன் ரிக்வெஸ்ட் குடுத்தாலும் மொதல்ல என் போனுக்குத்தான் வரும். நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட். போன வாரம்கூட எவனோ ஒரு பொறுக்கி, சில்வர்டைகராம், ரிஷிய ஃபிரண்ட் ஆக்கிக்கப் பாத்தான். தூக்கி பிளாக் பண்ணேன்."

அம்மா என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"அது நான்டி" என்றாள் அம்மா.

மஞ்சுளா சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்துவிட்டு, பிளாக்கை எடுத்தாள். ஆனால் பெட்டி அப்போதும் அதே வசனத்தைத்தான் சொன்னது.

"அண்ணா, பேரன்டல் கன்ட்ரோல் அம்மா அக்கவுன்ட்லதான் இருக்கு. அம்மாவோட டேட் ஆஃப் பர்த் இன்னா போட்டீங்க?"

அம்மா நாராயணவனத்துத் தேதியைச் சொன்னாள்.

"ஐயோ! அது ரிஷி பொறந்த வருஷம்மா. பொட்டிக்கு நீயும் அவனும் ஒரே வயசு. அப்ப கார்டியன்னு யாரு கையெழுத்து போட்டது?"

நான் மெதுவாகப் போனில் மெயிலைத் திறந்தேன். விளம்பரம் என்று நினைத்துத் திறக்காமலே தள்ளியிருந்த கடிதங்கள் வரிசையாக இருந்தன. 'உங்கள் குழந்தையின் அக்கவுன்ட் தயார்.' 'உங்கள் குழந்தை நண்பர் ஒருவரைச் சேர்க்க விரும்புகிறது.' 'உங்கள் குழந்தை ஆன்லைனில் ஆட அனுமதி கேட்கிறது.' கடைசிக் கடிதம் ஞாயிறு காலை வந்தது. நான் ஃபேனை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரம். பூட்டும் என்னிடம், சாவியும் என்னிடம். நான்தான் கேபிள்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மஞ்சுளா சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஆன்லைன் ஆட்டம்: அனுமதி. நண்பர் சேர்க்கை: அனுமதி. வயதுக்கு மீறிய ஆட்டங்கள்: பூட்டியே இருக்கட்டும் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். ஆட்ட நேரம்: பெட்டியே சின்னதாக ஒரு அளவு போட்டிருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டேன். அந்தப்பக்கம் மஞ்சுளா தன் பிள்ளைக்காக ஒரு 'சரி' அழுத்த, இந்தப்பக்கம் நான் என் பிள்ளைக்காக ஒரு 'சரி' அழுத்த, இரண்டு குழந்தைகளும் சிநேகிதமானார்கள்.

"பிறந்த தேதிய ஒரு தடவை திருத்தலாம் அண்ணா. திருத்திடு, அம்மா பெரியவங்களாயிடுவாங்க."

நான் திருத்தும் இடத்தைத் தேடினேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"வோணாம். அவனுக்கு அவுங்கம்மா டைம் வெக்கிறா இல்ல? எனுக்கு நீ வெய்யி. நான் மட்டும் பெரிய மனுசியா போயி அங்க நின்னா அவனுக்கு இன்னா ருசி?"

ரெண்டாவது ஞாயிறு

அந்த ஞாயிறு நான் வீட்டில் இல்லை. ஆகவே நடந்ததை அம்மா சொன்னபடி சொல்கிறேன்.

உள்ளே போனதும் புல்வெளியில் நீலச் சட்டை போட்ட ஒரு கட்டத்து ஆள் குதித்துக் குதித்து ஓடிவந்ததாம். தலைக்குமேல் ரிஷியின் பெயர். "ஆயா! ஐ சீ யூ! வா, வா, இங்க வா!" அம்மா நடக்கிற குச்சியைத் தள்ளினாள், ஏரியில் விழுந்தாள். அவன் குதித்து வந்து, "மேல வா ஆயா, மேல, மேல!" என்று கரையேற வழி காட்டினானாம். 'ம்' மட்டும் சொல்லும் பிள்ளை. ஏரியில் ஆயா மூழ்கும்போது தமிழ் எங்கிருந்தோ வந்துவிட்டது.

வீட்டைக் காட்டினான். கண்ணாடிச் சுவர், மேலே மாடி, உள்ளே கட்டில். பக்கத்தில் ஒரு வயல். அம்மா ஒரு மண்வெட்டியை வாங்கி நேராகக் கீழே தோண்ட ஆரம்பித்தாள். "நோ ஆயா! கீழ தோண்டாத! விழுவ!" என்று அவன் அலற, அம்மா குகைக்குள் விழுந்து செத்தாள். அந்த ஆட்டத்தில் செத்தால் மறுபடி பிறக்கலாம். அம்மாவுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அர்ச்சகர் முன்பே சொன்னதுதானே.

அதே நேரம் நான் லாட்ஜ் கவுன்டரில் இருந்தேன். அனந்தபூரிலிருந்து ஒரு வேன் கும்பல் வந்து இறங்கியிருந்தது. எல்லாருக்கும் உடனே வெந்நீர் வேண்டும். ஒரு பெரியவர் தன் சாவியைத் தொலைத்துவிட்டு என் சாவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். போன் அதிர்ந்தது.

'உங்கள் குழந்தையின் இன்றைய ஆட்ட நேரம் முடிந்தது. கூடுதல் நேரம் கேட்கிறது.'

கீழே கால்மணி, அரைமணி, ஒருமணி என்று மூன்று கட்டங்கள். 'மறுக்க' என்று இன்னொன்று. படித்துவிட்டுத் தலையைத் தூக்கினால், வெந்நீர்க்காரர்கள் கவுன்டரைச் சூழ்ந்துவிட்டார்கள். "பாபு, நீள்ளு எப்புடு?" "ஒஸ்தாயி, ஒஸ்தாயி." தண்ணீர் எப்போது என்று அவர்கள், வரும் வரும் என்று நான். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை கால். திரையில் மஞ்சுளா பெயர். அவள் இந்த நேரத்தில் என்னைக் கூப்பிடவே மாட்டாள். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, பெட்டி வெடித்துவிட்டது, புகை, நீலப் புகை என்று என் மனம் ஓடியது. பெரியவரின் கையில் லாட்ஜின் எல்லா ரூம் சாவிகளையும் திணித்துவிட்டு, "அலோ! அலோ! மஞ்சு! இன்னா ஆச்சு?" என்று கத்தினேன்.

மஞ்சுளா இல்லை. மூச்சு வாங்கும் ஒரு சின்னக் குரல். அதுவாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"மாமா!"

"ரிஷியா? கண்ணு, இன்னா ஆச்சு? ஆயாவுக்கு இன்னா?"

"ஆயா ஸ்டாப் ஆயிட்டாங்க. வயல்ல நின்னுகினு இருக்காங்க. நைட் வருது மாமா, மான்ஸ்டர்ஸ் வரும். சீக்கிரம்."

"சரி, சரி. நீ துன்னியா?" என்றேன். பதற்றத்தில் எனக்கு வேறொன்றும் வரவில்லை.

"அப்றம் துன்றேன் மாமா" என்றான் ரிஷி. "மொதல்ல ஆயாக்கு டைம் குடு."

குடுத்தேன். பெரியது எதுவோ அதை. சுற்றிலும் வெந்நீர் கேட்டவர்கள் ஏன் அமைதியானார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டால் பாய்லர் ரிப்பேர் என்று அனந்தபூரில் அர்த்தம் போலிருக்கிறது. எல்லாரும் பச்சைத் தண்ணீரிலேயே குளிக்கப் போய்விட்டார்கள்.